அறிவிப்பு: பொதுப் பாதையிலும் விருந்தினர் இடத்திலும் வண்டி நிறுத்துதல்

அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்கம்
கே.கே. நகர், மதுரை
நாள்: 10.04.2026

வீட்டு உரிமையாளர்கள், வாடகைக்குக் குடியிருப்போர் அனைவரின் கவனத்திற்கு:

கடந்த செவ்வாய்க்கிழமை காலை வந்த தண்ணீர் லாரி, தண்ணீர் இறக்காமலேயே திரும்பிப் போனது. ‘பி’ பிளாக் முனையில் வளைவை மறித்து ஒரு கார் நின்றது. ஹேண்ட் பிரேக் போட்டிருந்ததால் தள்ளவும் வழியில்லை. உரிமையாளரின் கைபேசியோ அணைத்து வைக்கப்பட்டிருந்தது. லாரிக்காரர் கால் மணி நேரம் பார்த்துவிட்டு அடுத்த நடைக்குக் கிளம்பிவிட்டார். மாலை வரை 24 வீடுகளிலும் குழாயில் காற்றுதான் வந்தது. வந்தது 108 ஆம்புலன்ஸாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சம்பந்தப்பட்டவரே யோசித்துக்கொள்ளட்டும்.

நுழைவாயிலிலிருந்து ஜெனரேட்டர் அறை வரையுள்ள பாதை முழுவதும் பொது இடம். பிரிக்கப்படாத பாகத்தில் எல்லோருக்கும் பங்கு உண்டு என்பது உண்மைதான்; அதற்காகத் தம் பங்கைத் தாமே பிரித்தெடுத்து அதில் காரை நிறுத்திவிட முடியாது. சாமான் இறக்கவும், முதியோரையும் நோயாளிகளையும் ஏற்றி இறக்கவும் சிறிது நேரம் நிறுத்தலாம். அப்போதும் ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது. ‘ஐந்து நிமிடம்தான்’ என்ற சமாதானம் இனி எடுபடாது.

விருந்தினருக்கென ஒதுக்கிய ஆறு இடங்களில் நான்கை நம் வீடுகளின் இரண்டாவது கார்கள் பிடித்திருக்கின்றன. உறை போட்டு மூடிய கார் ஒன்று பொங்கலிலிருந்து அசையவே இல்லை. டயரில் காற்றும் இல்லை. இவ்வளவு நாள் தங்கும் விருந்தாளி எந்த வீட்டுக்கு வந்தவர் என்று தெரியவில்லை. சித்திரைத் திருவிழா நெருங்குகிறது. அழகரைப் பார்க்க வெளியூர் உறவினர் எல்லோர் வீட்டுக்கும்தான் வருவார்கள். அவர்கள் வண்டியைத் தெருவில் விட்டால் எதிர்வீட்டாரோடு வாக்குவாதம் நமக்குத்தான்.

எனவே குடியிருப்போரின் வண்டிகள் அனைத்தும் வரும் 18ஆம் தேதிக்குள் விருந்தினர் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அதன்பின் அங்கே நிற்கும் விருந்தினர் வண்டிக்கு, வாயிலில் உள்ள பதிவேட்டில் வண்டி எண், வீட்டு எண், கைபேசி எண் மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டு இரவுக்கு மேல் நிறுத்துவதானால் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். திருவிழா நாட்களில் நிச்சயம் விட்டுக்கொடுப்போம். இரண்டாவது கார் வைத்திருப்பவர்கள், காலியாகக் கிடக்கும் இடத்தை அந்த வீட்டு உரிமையாளரிடம் பேசி எடுத்துக்கொள்ளலாம். ‘ஏ’ பிளாக்கில் இரண்டு இடங்கள் அப்படி இருக்கின்றன.

பாதையை மறித்தாலோ, கெடுவுக்குப் பின்னும் விருந்தினர் இடத்தில் நிறுத்தினாலோ முதல் முறை எழுத்து மூலம் எச்சரிக்கை. அடுத்த ஒவ்வொரு முறையும் ரூ.500, பொதுக்குழுத் தீர்மானப்படி அந்த மாதப் பராமரிப்புக் கட்டணத்தோடு சேர்க்கப்படும். இரு சக்கர வண்டிகளுக்கும் இதே விதி. படிக்கட்டின் கீழ் நிறுத்துவோர் குறிப்பாகக் கவனிக்கவும்.

வண்டியை எடுக்கச் சொன்ன காவலாளியிடம் “நான் யார் தெரியுமா?” என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். நிர்வாகக் குழுவுக்குத் தெரியும். இம்முறை பெயரைப் பலகையில் எழுதவில்லை, அவ்வளவுதான். கோபம் இருந்தால் அவரிடம் காட்டாமல், ஞாயிறு காலை 10 முதல் 12 மணி வரை சங்க அறைக்கு வாருங்கள்.

செயலாளர்
நிர்வாகக் குழுவுக்காக