இரட்டைக் கொம்பு

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் சித்திக்குப் பிள்ளை பிறந்ததும் அம்மச்சியை விமானம் ஏற்றி அனுப்பினோம், குலசேகரத்தைத் தாண்டி அதிகம் போகாத மனுஷி. ஊரில் பட்டன் போன்தான் வைத்திருந்தாள். அங்கே சித்தி புதுசாக ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்து, தமிழ் எழுத்தும் போட்டுக் கொடுத்தாளாம்.

ஜனவரி மாசம். விடியக்காலம் நாலே முக்காலுக்கு நான் தலையில் லைட் கட்டிக்கொண்டு பால்வெட்டில் நிற்கிறேன், பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. ரப்பர் பால் பிசுபிசுத்த விரலால் திறந்து பார்த்தால் இப்படி ஒரு மெசேஜ்:

ேமாேனஙஙஙஙஙேசாறபபபப

நடுநடுவே புள்ளி வைத்த வட்டங்கள் வேறு. போன் கெட்டுப்போச்சா, அம்மச்சிக்குத்தான் ஏதாவது ஆகிவிட்டதா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அங்கே அப்போது ராத்திரி பதினொன்றேகால். உடனே கூப்பிட்டேன், கட் பண்ணிவிட்டாள். மறுபடியும் கூப்பிட்டேன், மறுபடியும் கட்.

வெட்டின மரத்தில் பால் வடிந்து சிரட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த மரத்துக்குப் போக மனசில்லாமல் அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்து அந்த எழுத்துகளையே பார்த்தேன். முதலில் இரட்டைக் கொம்பு, அப்புறம் ம, அப்புறம் கால். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் அதே வரிசையில் எழுதினேன். மோ. மறுபடியும் கொம்பு, ன. மோனே!

அம்மச்சி மூணாம் வகுப்போடு நின்றவள். மணலில் விரலால் எழுதிப் படித்த கை அது, கொம்பைப் போட்டுவிட்டுத்தான் எழுத்தைப் போடும். போனில் எழுத்தைத் தட்டின பிறகுதான் கொம்பைத் தட்ட வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆறரை மணிக்கு அவளே கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்தி.

"கோவிச்சுக்காத மோனே, சித்திக்கு நைட் டூட்டி. பிள்ளை என் நெஞ்சிலே கிடந்து உறங்குது, பேசினா முழிச்சிரும். அதான் எழுதிப் பாத்தேன். ஒரு கையால அரை மணி நேரம் தேடினேன், மோ-வைக் காணவே இல்ல. நடுவுல பிள்ளை வேற காலால உதைச்சு என்னமோ அமுங்கிப் போச்சு. நான் எழுதினது வந்துதா?"

"வந்துது அம்மச்சி. மோனே, சோறு... அதுக்குப் பொறவு?"

"தின்னியான்னு கேக்க வந்தேன். அதுக்குள்ள அது போயிட்டு."

"ராத்திரியே தின்னேன்."

"என்ன கறி?"

"நெத்திலி அவியல். அப்பா வச்சாரு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, பிள்ளை மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"மாங்கா போட்டாரா?" என்றாள்.