தகவல் கோரும் விண்ணப்பம்: பாலையடிச் சின்னக்குளப் புனரமைப்பு வேலை (2023) தொடர்பான பதிவுகள்

2025 செப்டெம்பர் 16

தகவல் அலுவலர்,
கமநல அபிவிருத்தித் திணைக்களம்,
மாவட்ட அலுவலகம்,
முல்லைத்தீவு.

ஐயா / அம்மணி,

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின் கீழான விண்ணப்பம்

இலங்கைப் பிரஜை என்ற வகையில், மேற்படி சட்டத்தின் 3ஆம் பிரிவு தரும் உரிமையின்படி கீழே காணும் பதிவுகளைக் கோருகிறேன். பாலையடிச் சின்னக்குளம் கமக்காரர் அமைப்பின் செயலாளராகவும் ஒப்பமிடுகிறேன். உறுப்பினர் 41 பேரும் இலங்கைப் பிரஜைகள். ஆகவே 43ஆம் பிரிவின் பொருள்கோடலில் ‘பிரஜை’ என்பதற்குள் அமைப்பும் அடங்கும். அமைப்பின் பெயரில் தர இயலாது என்று கருதினால், இதை எனது தனிப்பட்ட விண்ணப்பமாகவே ஏற்றுக்கொள்ளவும்.

இது முறைப்பாடு அல்ல. வேலை ஏன் அப்படி நடந்தது, யார் பொறுப்பு என்ற கேள்விகள் இதில் இல்லை. கோப்பிலும் பதிவேட்டிலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதன் பிரதிகளையே கேட்கிறேன். எதையும் புதிதாகத் தயாரித்துத் தர வேண்டியதில்லை.

எந்தக் குளம்

முதலில் பெயரைத் தெளிவாக்க வேண்டும், ஏனெனில் ஒரே பெயரில் இரண்டு குளங்கள் உள்ளன. நாங்கள் கேட்பது ஒட்டுசுட்டான் பிரதேச செயலர் பிரிவிலுள்ள பாலையடிச் சின்னக்குளம். ஊரில் ‘சின்னக்குளம்’ என்றாலே போதும். வேலைத்தளப் பலகையில் ‘சின்னப்பாலையடிக்குளம்’ என்று எழுதப்பட்டிருந்தது. ஆங்கிலப் பட்டியல்களில் ‘பாலையடி டாங்க்’ என்று மட்டும் இருக்கவும் கூடும். இதற்கு வடக்கே, ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் தொலைவில், பாலையடிப் பெரியகுளம் இருக்கிறது. அதன் கோப்பு இங்கு வேண்டியதில்லை. ஒரே கோப்பில் இரண்டு குளங்களின் பத்திரங்களும் சேர்ந்திருந்தால் சின்னக்குளத்துக்குரியவற்றை மட்டும் பிரித்துத் தரவும்.

அடையாளம்: ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் நோக்கிச் செல்லும் ஏ34 வீதியில் நான்கு கிலோமீற்றர் தாண்டி, இடப்புறம் இறங்கும் கிரவல் வீதியால் 1.3 கிலோமீற்றர். குளக்கட்டின் நீளம் 1,140 மீற்றர், வயற்பரப்பு 96 ஏக்கர். துருசு ஒன்று, கட்டின் நடுவிலிருந்து சற்றுக் கிழக்கே. வான் மேற்கு முனையில். செய்மதிப் படத்தின் அச்சுப்பிரதியில் துருசையும் வானையும் குறித்து இணைத்திருக்கிறேன் (இணைப்பு 1).

எந்த வேலை

2023 ஜூன் மாதம் தொடங்கிய குளக்கட்டுப் புனரமைப்பு வேலை. அதற்கு முந்திய வேலைகளின் பதிவுகள் தேவையில்லை. பலகையில் இருந்தவை இவை:

ஒப்பந்த இலக்கம்: முல்/கஅதி/சிகு/2023/17 (கடைசி இரண்டு இலக்கங்களில் வர்ணம் உரிந்துவிட்டது, 17 என்பதே எங்கள் வாசிப்பு, 11 ஆகவும் இருக்கலாம்)
ஒப்பந்தத் தொகை: 78 இலட்சத்து 40,000 ரூபா
தொடக்கம்: 2023.06.12, முடிவு: 2023.10.10
கட்டில் மண் நிரப்பல்: 2,850 கன மீற்றர், 640 மீற்றர் நீளத்துக்கு
அலைக்கல் பதித்தல்: 310 கன மீற்றர்
துருசுக் கதவு மாற்றலும் துருசுச் சுவர்த் திருத்தமும்

பலகையின் படம் இணைப்பு 2 ஆக உள்ளது. இலக்கம் பொருந்தாவிட்டால் தொடக்கத் திகதியையும் தொகையையும் வைத்து ஒப்பந்தப் பதிவேட்டில் தேடவும். இலக்கப் பிழையை மட்டும் காரணமாகக் கொண்டு ‘பதிவு இல்லை’ என்ற பதில் வராமல் இருக்கவே இவ்வளவு விவரம்.

கோரும் பதிவுகள்

1. அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீடும், ஒப்பந்தத்துடன் இணைந்த விலைச்சிட்டையும் (பி.ஓ.கியூ.). இவை பெரும்பாலும் தொழில்நுட்பப் பிரிவின் வேலைக் கோப்பில் இருக்கும். கைச்சாத்திட்ட ஒப்பந்தத்தில் தொகை, காலம், குறைபாட்டுப் பொறுப்புக் காலம், நிறுத்திவைப்புப் பண வீதம் ஆகியவை வரும் பக்கங்கள் மட்டும் போதும். பொது நிபந்தனைகள் வேண்டாம். தெரிவாகாதவர்களின் விலைமனுக்களும் வேண்டாம்.

2. அளவீட்டுப் புத்தகத்தில் இவ்வேலைக்குரிய பக்கங்கள். இதுவே எங்களுக்கு முதன்மையானது. புத்தகத்தின் இலக்கம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கொடுப்பனவுப் பில்லின் முகப்பிலும் அளவீட்டுப் புத்தக இலக்கமும் பக்க இலக்கமும் எழுதப்படுவது வழக்கம். கணக்குப் பிரிவில் கொடுப்பனவு உறுதிச்சிட்டையை எடுத்தால் பில்லும், பில்லிலிருந்து புத்தகமும் பக்கமும் கிடைக்கும். ஒரே புத்தகத்தில் வேறு குளங்களின் அளவீடுகளும் இருக்கும், அப்பக்கங்களை விட்டுவிடலாம்.

பக்கங்களில் குறிப்பாக வேண்டியவை: மண் நிரப்பல், அலைக்கல், துருசு ஆகிய மூன்று உருப்படிகளின் நீளம், அகலம், ஆழம் எழுதிய அளவீட்டு வரிகள். கடைசியில் வரும் சுருக்கத்தில் கன மீற்றர் மட்டுமே இருக்கும், எந்த இடத்தில் எவ்வளவு நிரப்பப்பட்டது என்பது இராது. சுருக்கம் மட்டும் அனுப்பினால் இந்த உருப்படிக்குப் பதில் கிடைத்ததாகாது.

3. வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த மட்ட அளவீடுகளும் குறுக்குவெட்டுப் படங்களும். முழுக் கட்டுக்கும் தேவையில்லை. கிழக்கு முனையைச் சுழியமாகக் கொண்டால் 380 மீற்றர் முதல் 460 மீற்றர் வரையான பகுதி, அதாவது துருசின் இரு பக்கமும் 40 மீற்றர் வீதம். வரைபடத்தில் சுழியம் மேற்கு முனையிலிருந்து தொடங்கினால் அதே இடம் 680 முதல் 760 மீற்றர் வரை வரும். எந்த முனையிலிருந்து அளந்தாலும் துருசை நடுவே வைத்துப் பக்கங்களை எடுக்கவும். பெரிய தாளிலுள்ள படத்தைப் பிரதி எடுக்கும்போது ஏ4 அளவுக்குச் சுருக்கினால் அளவுகள் வாசிக்க முடியாமற் போகும். படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பினாலும் போதும்.

4. மேற்படி பகுதியில் மண் இறுக்கம் சோதித்த முடிவுகள்: சோதனைத் திகதி, இடம், எத்தனையாவது மண் படை, பெறப்பட்ட இறுக்க வீதம் ஆகியவை தெரியும் தாள்கள். சோதனை செய்யப்படவில்லையாயின், ‘சோதனைப் பதிவு எதுவும் இல்லை’ என்ற ஒரு வரிப் பதில் போதும். அதுவும் எங்களுக்குத் தகவலே.

5. மாறுபாட்டுக் கட்டளைகளும் கால நீடிப்புக் கடிதங்களும், வழங்கப்பட்டிருந்தால்.

6. இடைக்கால, இறுதிக் கொடுப்பனவு உறுதிச்சிட்டைகள், வேலை முடிவுச் சான்றிதழ், நிறுத்திவைப்புப் பணம் விடுவிக்கப்பட்ட உறுதிச்சிட்டை. பணம் இன்னும் விடுவிக்கப்படவில்லையாயின், நிலுவைத் தொகையைக் காட்டும் பதிவேட்டுப் பக்கம்.

7. 2023.12.18 திகதியிட்டு எமது அமைப்பு பதிவுத் தபாலில் அனுப்பிய, ‘துருசுக்கு அருகே கட்டின் வெளிப்புறத்தில் நீர் கசிதல்’ என்ற தலைப்புடைய கடிதம் எந்தக் கோப்பில் சேர்க்கப்பட்டது என்பதும், அக்கடிதத்தின் மீது கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளும், அதன் பின் நடந்த தளப் பார்வையின் அறிக்கை இருந்தால் அதுவும். தபால் பற்றுச்சீட்டின் பிரதி இணைப்பு 3. உள்வரும் தபால் பதிவேட்டில் 2023 டிசம்பர் 19 முதல் 29 வரை பார்த்தால் கடிதத்தின் பதிவு கிடைக்கும்.

எந்த வடிவில், எந்த மொழியில்

பதிவு எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே பிரதி தரவும். மொழிபெயர்ப்பு கேட்கவில்லை, அதற்காகத் தாமதிக்கவும் வேண்டாம். அலுவலகத்தின் பதிற்கடிதம் மட்டும் தமிழில் வேண்டும். உருப்படி 2, 6 ஆகியவற்றுக்குச் சான்றுப்படுத்திய பிரதிகள் தேவை. மற்றவற்றுக்குச் சாதாரணப் பிரதி போதும்.

அளவீட்டுப் புத்தகம் கட்டுப்புத்தகமாதலால் பிரதி எடுக்கையில் நடு விளிம்பிலுள்ள எண்கள் மறைவதுண்டு. ஆகவே 27ஆம் பிரிவின்படி மூலப் புத்தகத்தையும் தளக் குறிப்பேட்டையும் நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் அனுமதி கோருகிறேன். நானும் அமைப்பின் தலைவருமாக இருவர் வருவோம். புதன்கிழமை தவிர்ந்த எந்த வேலை நாளும் பொருந்தும்.

கட்டணம் எவ்வளவு என்பதை ஆணைக்குழுவின் விதிகளின்படி கணக்கிட்டு, பக்க எண்ணிக்கையுடன் எழுத்தில் அறிவிக்கவும். அறிவித்தல் கிடைத்ததும் அலுவலகத்துக்கு வந்து செலுத்துவோம்.

ஒரு பகுதியைத் தர இயலாதாயின்

ஒப்பந்தகாரரின் வங்கிக் கணக்கு இலக்கம், தேசிய அடையாள அட்டை இலக்கம் போன்றவை எமக்குத் தேவையில்லை. அவற்றை மறைத்து, 6ஆம் பிரிவின்படி மிகுதியைத் தரவும். வேறெந்தப் பகுதியையேனும் மறுப்பதாயின், 5ஆம் பிரிவின் எந்த உட்பிரிவு என்பதை உருப்படி வாரியாகக் குறிப்பிடவும். ஒரு உருப்படியைத் தேட நாட்கள் பிடிக்குமாயின் அதற்காக மற்றவற்றை நிறுத்தி வைக்க வேண்டாம். கிடைக்கும் வரிசையில் அனுப்பலாம், உருப்படி 2 முதலில் வந்தால் நல்லது.

கேட்ட பதிவுகளில் எதுவும் ஒட்டுசுட்டான் கமநல சேவை நிலையத்திலோ, மாவட்டச் செயலகக் கணக்குப் பிரிவிலோ, நிதி வழங்கிய வேறு அலுவலகத்திலோ இருக்குமானால், எந்தப் பதிவு எங்கே என்பதை எழுதி, விண்ணப்பத்தின் அப்பகுதியை அவ்விடத்துக்கு அனுப்பி வைக்கவும். 2023இல் உருவான பதிவுகள் என்பதால் 7ஆம் பிரிவின்படி உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டுகள் பேணப்பட வேண்டியவை. காணாமற் போயிருந்தால் கடைசியாக யார் பொறுப்பில் கையளிக்கப்பட்டது என்பதைக் காட்டும் கையளிப்புப் பதிவின் பிரதியைத் தரவும்.

25ஆம் பிரிவின்படி 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை எதிர்பார்க்கிறேன். ஒக்டோபர் நடுப்பகுதியில் காலபோக விதைப்பும் மழையும் தொடங்கிவிடும். குளம் நிரம்பிய பின் கட்டின் உட்புறத்தை அளந்து பார்க்க வழியில்லை. நீடிப்புத் தேவைப்பட்டால் காரணத்தை எழுத்தில் அறிவிக்கவும். மேன்முறையீடு செய்வதற்கான குறித்தளிக்கப்பட்ட அலுவலரின் பதவியையும் முகவரியையும் பதிற்கடிதத்தில் சேர்க்கவும்.

விண்ணப்பத்தின் இரண்டாம் பிரதியில் கிடைத்த திகதி, பதிவேட்டு இலக்கம், ஒப்பம், அலுவலக முத்திரை ஆகியவற்றை இட்டு, 24ஆம் பிரிவின்படி ஏற்றுக்கொண்டமைக்கான அத்தாட்சியாகத் திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
க. யோகநாதன்
செயலாளர், பாலையடிச் சின்னக்குளம் கமக்காரர் அமைப்பு
பாலையடி, ஒட்டுசுட்டான்
(பதிலைத் தபாலில் இம்முகவரிக்கு அனுப்பவும்)

இணைப்புகள்:
1. செய்மதிப் படம், துருசும் வானும் 380–460 மீற்றர் பகுதியும் சிவப்பு மையால் குறித்தது (1 பக்கம்)
2. வேலைத்தளப் பலகையின் படம், 2023 ஜூலையில் எடுத்தது (1 பக்கம்)
3. 2023.12.18 கடிதத்தின் பிரதியும் பதிவுத் தபால் பற்றுச்சீட்டும் (2 பக்கங்கள்)