கோயில் கூரை, கட்டட நிதி, கணக்கு: 7-7-2024 ஞாயிறு நடந்த கூட்டத்தோட குறிப்பு

பங்கு மக்கள் எல்லாருக்கும் தோத்திரம். ரெண்டாம் பூசை முடிஞ்சு 10.30க்கு ஆரம்பிச்ச கூட்டம் 1.15க்குத்தான் முடிஞ்சது. ஃபாதர், பொருளாளர் அண்ணன், செயலாளரா நான், அன்பியப் பொறுப்பாளர்கள் 9 பேர், மாதர் சங்கத்துல இருந்து 3 பேர், இளைஞர்கள் 2 பேர், ஆக மொத்தம் 17 பேர் வந்திருந்தோம். எஸ்டேட் லைன்ல இருக்கிறவங்களுக்கு மழையால வர முடியல, அவங்களுக்காகவே இதை விளக்கமா எழுதறேன், போன் இல்லாதவங்களுக்கு பக்கத்து வீட்டுக்காரங்க தயவுசெஞ்சு படிச்சு காட்டுங்க.

முதல்ல கணக்கு. மார்ச் 31ல கட்டட நிதியில 4,18,600 ரூபா இருந்துச்சு. ஏப்ரல், மே, ஜூன் மூணு மாசத்துல மாச சந்தா 28,700, முதல் ஞாயிறு தனிக் காணிக்கை 21,450, நன்கொடை 1,35,000, மே மாசம் பிரியாணி வித்ததுல செலவு போக 18,350, பேங்க் வட்டி 3,100, ஆக வரவு 2,06,600. செலவு என்னன்னா, கூரையைப் பாத்து எஸ்டிமேட் போட்ட இன்ஜினியருக்கு 12,000, தார்ப்பாய் 9,800, மெயின் போர்டு மாத்தி எர்த் புதுசா போட்ட வயரிங் வேலைக்கு 46,500, சேலத்துல இருந்து சாமான் ஏத்திட்டு வந்த வண்டி வாடகை 5,400, கூரை வேலைக்கு குடுத்த அட்வான்ஸ் 60,000, ஆக 1,33,700. மிச்சம் 4,91,500. அதுல பேங்க்ல 4,84,200, கையிருப்பு 7,300. பில்லும் ரசீதும் பாஸ்புக்கும் மேஜை மேல வச்சே பேசினோம், யார் வேணும்னாலும் ஞாயித்துக்கிழமை பூசைக்கு அப்புறம் வந்து பாக்கலாம்.

பாஸ்புக்கை புரட்டிப் பாத்த மாதர் சங்கத்து அக்கா ஒருத்தங்க, ஏப்ரல்ல 15,000 வெளிய போயிருக்கு, ஜூன்ல அதே 15,000 உள்ள வந்திருக்கு, கணக்குல காணோமே என்னன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. நம்ம உபதேசியாரோட வீட்டம்மாவுக்கு அவசரமா ஆபரேஷன், தர்ம நிதியில அப்ப 4,000 கூட இல்ல, அதனால பொருளாளர் அண்ணன் ஃபாதர்கிட்ட மட்டும் போன்ல கேட்டுட்டு கட்டட நிதியில இருந்து எடுத்து குடுத்திருக்காங்க, அப்புறம் தர்ம நிதிக்கு வசூல் ஆனதும் திருப்பி கட்டிட்டாங்க. ஒரு பைசா குறையல. ஆனா வேற காரியத்துக்குன்னு குடுத்த பணத்தை சபைக்கு சொல்லாம எடுத்தது தப்புன்னு அண்ணனே எழுந்து நின்னு ஒத்துக்கிட்டாங்க. அந்த நேரத்துல நான் இருந்தாலும் எடுத்து குடுத்திருப்பேன்தான், இருந்தும் மறுநாளே நோட்டுல எழுதியிருக்கணும், எழுதாதது செயலாளரான என் குறையும்தான். இனி ஒரு நிதியில இருந்து இன்னொண்ணுக்கு கைமாத்து வாங்கறதா இருந்தா குறைஞ்சது 5 பேர் கையெழுத்து வேணும், அடுத்த ஞாயிறே பூசையில அறிவிக்கணும்னு தீர்மானம் ஆச்சு.

அடுத்தது கூரை. பீடத்துக்கு வலது பக்கம் ஒழுகறது எல்லாருக்கும் தெரியும், ஆனா ஆசாரி மேல ஏறிப் பாத்தப்பதான் ரீப்பர் பாதிக்கு மேல கரையான் அரிச்சு மாவா உதிருதுன்னும், கைமரம் மூணு மாத்தியே ஆகணும்னும் தெரிஞ்சது. ஓடு எல்லாத்தையும் எடுத்துட்டு ஷீட் போட்டா 4,35,000ல முடியும்னு இளைஞர்கள் சொன்னாங்க, அடிக்கடி ஏறி ஓடு மாத்தற வேலை மிச்சம்னு அவங்க சொன்னதும் நியாயம்தான். ஆனா நம்ம ஏற்காட்டு மழைக்கு ஷீட்டுக்கு அடியில உக்காந்தா பிரசங்கம் காதுல விழாது, வெயில் காலத்துல உள்ள வெந்து போகும், அதுவும் இல்லாம இந்த மங்களூர் ஓடெல்லாம் நம்ம தாத்தா பாட்டி தலையில சுமந்து ஏத்தினது. முக்கால்வாசி பேர் ஓடுதான்னாங்க, ஓடுதான்னு முடிவாச்சு.

ஓட்டுக்கு எஸ்டிமேட் மொத்தம் 5,70,000. பழைய ஓட்டுல நல்லதை கழுவி திரும்ப போடறோம், உடைஞ்சதுக்கு பதிலா 1,200 புது ஓடு 54,000, முகட்டு ஓடு 70க்கு 6,300, ரீப்பர் மரம் 1,95,000, கைமரம் மூணுக்கு 84,000, கூலி 1,60,000, சாரம் கட்ட 38,000, ஏத்துக்கூலி சில்லறை செலவு 32,700. மரத்துக்கு கரையான் மருந்து அடிக்காம மேல ஏத்தவே கூடாதுன்னு நான் அழுத்திச் சொல்லியிருக்கேன், போன தடவை அதை விட்டதாலதான் இவ்வளவும். ஒரே நாள்ல மொத்தத்தையும் பிரிக்காம ஒரு பத்தி பிரிச்சு அதை மூடிட்டுத்தான் அடுத்த பத்தின்னு ஆசாரி சொல்றார், திடீர்னு மழை வந்தாலும் தார்ப்பாயால சமாளிக்கலாம். ஆகஸ்ட் 15 மாதா திருவிழா முடிஞ்சு 19ம் தேதி திங்கக்கிழமை ஆரம்பிச்சு ஐப்பசி மழைக்கு முன்ன முடிக்கணும். இவ்வளவு பெரிய செலவுக்கு மறைமாவட்ட ஒப்புதல் வேணும், ஃபாதர் இந்த வாரமே கடிதம் கொண்டு போறார்.

இப்ப கூரை வேலைக்கு அட்வான்ஸா குடுத்த அந்த 60,000. மே மாசம் வாங்கினவர் ஜூன்ல வேலை ஆரம்பிக்கறேன்னு சொல்லி இன்னிக்கு வரைக்கும் கொண்டை ஊசி வளைவு ஏறி வரல, போன் எடுத்தா நாளைக்கு நாளைக்குங்கறார். எழுத்து ஒப்பந்தம் இல்லாம குடுத்தோம், அது கமிட்டியோட தப்பு. பொருளாளர் அண்ணனும் ரெண்டு பொறுப்பாளர்களும் சேலம் போய் நேர்ல பேசி, ஜூலை 21க்குள்ள பணம் இல்லன்னா கையெழுத்து போட்ட ஒப்பந்தம், ரெண்டுல ஒண்ணு வாங்கிட்டு வரணும். இனி யாருக்கும் 10 சதவீதத்துக்கு மேல அட்வான்ஸ் கிடையாது, அதுவும் செக் மட்டும்தான்.

அந்தப் பணம் வராதுன்னு வச்சே கணக்கு போட்டோம், அப்ப துண்டு விழறது 78,500. சந்தா மாசம் நூறு ரூபாதான், 112 குடும்பத்துல 86 குடும்பம் மூணு மாசமும் முழுசா கட்டியிருக்காங்க. மீதிப் பேர் வீட்டுக்குப் போய் நெருக்கக் கூடாது, மழையில வேலை இல்லாத வீடுங்க அதுல இருக்கு, காபி அறுவடை முடிஞ்சு குடுத்தாலும் சரின்னு ஃபாதர் சொன்னார். நன்கொடையாளர் பேர் தொகையோட கல்லுல பொறிக்கணும்னு ஒருத்தர் கேட்டார். மிளகு வித்த காசுல 500 ரூபாயை கைக்குட்டையில முடிஞ்சு கொண்டு வந்து குடுத்த பாட்டியை எந்த வரிசையில எழுதறது? வேண்டாம்னு எல்லாரும் சொல்லிட்டோம். ரசீது நம்பரும் தொகையும் மட்டும் போர்டுல ஒட்டுவோம்.

வெளிநாட்டுல இருந்து அனுப்பறதைப் பத்தி கேட்டாங்க. குவைத்துல வேலை பாக்கற நம்ம பிள்ளைங்க இந்திய பாஸ்போர்ட் வச்சிருந்தா சொந்த சம்பாத்தியத்தை பேங்க் வழியா அனுப்பலாம், அது அந்நிய நன்கொடை ஆகாது. வேற நாட்டு குடியுரிமை வாங்கிட்டவங்க சொந்தக்காரங்களா இருந்தாலும் இந்த கணக்குக்கு அனுப்ப வேண்டாம், சட்டப்படி அதுக்கு தனி பதிவும் தனி கணக்கும் வேணும், நம்மகிட்ட அது இல்ல.

கோயிலுக்குப் பின்னாடி தடுப்பு சுவர் நடுவுல புடைச்சிருக்கு. இன்ஜினியர் சொல்றது, தண்ணி வடியற ஓட்டை எல்லாம் மண்ணும் வேரும் அடைச்சிருக்கு, உள்ள தேங்கற தண்ணிதான் சுவரைத் தள்ளுது. இடிச்சு புதுசா கட்டறதுன்னா மலைப்பகுதி அனுமதி, பெரிய செலவு. அதனால முதல்ல ஓட்டை எல்லாம் குத்தி விட்டு மேல வாய்க்கால் வெட்டி தண்ணியைத் திருப்பறோம். 13ம் தேதி சனிக்கிழமை காலை 7 மணிக்கு வீட்டுக்கு ஒருத்தர் மண்வெட்டி, கடப்பாரையோட வாங்க, மாதர் சங்கத்துல உப்புமாவும் டீயும் போடறாங்க. அது வரைக்கும் சுவருக்குக் கீழ வண்டி நிறுத்தாதீங்க, பிள்ளைங்களை விளையாட விடாதீங்க.

அடுத்த கூட்டம் ஆகஸ்ட் 4 ஞாயிறு, ரெண்டாம் பூசைக்கு அப்புறம். சேலம் போய்ட்டு வந்தவங்க என்ன பதில் கொண்டு வந்தாங்கன்றதை 21ம் தேதி பூசையிலயே சொல்லிடறோம்.

செயலாளர்