சாப்டீங்களா மிஸ்

ஊட்டி காந்தலில் மாடி அறையில் அம்மா மோனிஷாவுக்குத் தலை வாரியபடியே பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். "யாரப் பாத்தாலும் குட் மார்னிங் சொல்லணும். வாட்ச்மேனாயிருந்தாலும் சரி, பிரின்ஸிபாலாயிருந்தாலும் சரி. எங்க, சொல்லு."

"குட் மார்னிங்."

"சத்தமா."

"குட் மார்னிங்!"

பாட்டி அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய்ச் சம்பலை டிபன் பாக்ஸில் அமுக்கிக்கொண்டிருந்தாள். ரொட்டிக்கு மேல் சம்பல், அதற்கு மேல் இன்னொரு ரொட்டி. கொளப்பள்ளியில் இருந்தவரை இதே டப்பாதான், இதே அடுக்குதான். ஊர் மாறிவிட்டது என்பதைப் பாட்டியின் கை மட்டும் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஊர் மாறியதற்குக் காரணமும் பாட்டிதான். டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளிகளுக்கான லைன் வீடு அவள் பெயரில் இருந்தது. ரிட்டயர் ஆனதும் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அப்பா ஊட்டி மார்க்கெட்டில் கேரட் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். எல்லோரும் அவரோடு வந்து சேர்ந்தார்கள். மே மாதக் கடைசியில் சாமான்களை ஜீப்பில் ஏற்றி, நடுவட்டம் ஏற்றத்தில் இரண்டு முறை மோனிஷா வாந்தி எடுத்து, ஊட்டி வந்து இறங்கியபோது உதடு நடுங்கியது. கூடலூர் பக்கத்துக் குளிர் வேறு, இந்தக் குளிர் வேறு.

பள்ளிக்கூட கேட்டில் அப்பா விட்டுவிட்டு, மூட்டை இறக்க நேரமாகிவிட்டதென்று ஓடினார். ஜூன் மாதச் சாரல். வாட்ச்மேன் சாக்கைத் தலையில் முக்காடு மாதிரி மடித்துப் போட்டிருந்தார். மோனிஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா சொல்லிக்கொடுத்தது தொண்டை வரை வந்தது. வாயில் வந்தது வேறு.

"சாப்டாச்சாண்ணே?"

"ஆச்சு பாப்பா. நீ?"

"ஆச்சு."

இதில் ஒன்றும் சிக்கல் இல்லை. லைனில் எல்லோரும் அப்படித்தான். விடிகாலை கொழுந்துக்கூடையோடு போகிறவளைப் பார்த்து "டீ குடிச்சாச்சா?" என்பார்கள், உச்சியில் "சாப்டாச்சா?" என்பார்கள், இருட்டிவிட்டால் "ராவைக்கு என்ன?" என்பார்கள். வணக்கம் என்பது தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி யாராவது வந்தால் எழுந்து நின்று சொல்வது. அங்கே டீச்சர் பஸ் இறங்கி வளைவில் நடந்து வரும்போதே பதினோரு பிள்ளைகளும் "டீச்சர், சாப்டீங்களா?" என்று கத்துவார்கள். டீச்சர் என்ன சாப்பிட்டார் என்பது பாடம் தொடங்குமுன் தெரிந்துவிடும்.

ஐந்தாம் வகுப்பு பி பிரிவின் கதவு மூடியிருந்தது. தட்டினாள். திறந்தது. முப்பத்தெட்டு முகங்கள் ஒரே சமயத்தில் திரும்பின. அத்தனை முகமும் நீல ஸ்வெட்டருக்கு மேலே. இவளுடையது அப்பா மார்க்கெட்டில் வாங்கிய பச்சை. மிஸ் சாக்பீஸோடு காத்திருந்தார். மோனிஷாவுக்கு உள்ளங்கை வேர்த்தது.

"சாப்டீங்களா மிஸ்?"

முதல் பெஞ்சில் ஒருத்தி களுக்கென்றாள். அது பின் பெஞ்சுவரை உருண்டுபோய்ச் சிரிப்பாகத் திரும்பி வந்தது. மிஸ் சிரிக்கவில்லை. பதிலும் சொல்லவில்லை. ஸ்கேலால் மேசையை ஒரு தட்டு தட்டி, மூன்றாவது பெஞ்சைக் காட்டினார்.

அந்த பெஞ்சில் ஏற்கெனவே மூன்று பேர். நகர்ந்து இடம் விட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன், பிரவீன், கையில் பெரியவர்கள் கட்டுகிற வாட்ச். அவன் காதோரம் குனிந்தான். "உள்ள வரும்போது மே ஐ கம் இன் மிஸ் கேக்கணும். அவங்க எஸ் சொன்னப்புறம்தான் கால் வைக்கணும். அப்புறம் குட் மார்னிங்."

"ரெண்டும் சொல்லணுமா?"

"ரெண்டும். கடைசியில தேங்க் யூ."

அடுத்த பீரியடுக்கு வேறொரு மிஸ் வந்தார். முப்பத்தெட்டு பேரும் எழுந்து இழுத்தார்கள்: "குட்... மாஆஆர்னிங்... மிஸ்ஸ்ஸ்..." மாரியம்மன் கோயிலில் மணி அடித்து அடங்குகிற மாதிரி. மோனிஷாவும் எழுந்தாள். எல்லோரும் முடித்த பிறகு அவளுடைய "மிஸ்" மட்டும் தனியாகக் கேட்டது. மறுபடி களுக்.

இன்டர்வெல்லில் பாடம் தீவிரமானது. பெஞ்சில் இன்னும் இருவர்: அஃப்ரின், வர்ஷா. மூன்று பேரும் ஆளுக்கொரு விதி சொன்னார்கள்.

"ஹாய் ஃப்ரெண்ட்ஸுக்குத்தான். மிஸ்கிட்ட ஹாய் சொன்ன, தீந்த."

"ஹலோ போனுக்கு."

"பன்னெண்டு மணி வரைக்கும்தான் குட் மார்னிங்," என்றான் பிரவீன் வாட்ச்சைத் திருகிக்கொண்டே. "பன்னெண்டு ஒண்ணுன்னா ஆப்டர்நூன்."

"சரியா பன்னெண்டுன்னா?"

பிரவீன் யோசித்தான். இதுவரை அவனை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. "அப்போ ஒண்ணும் சொல்லாத," என்றான்.

மோனிஷா ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். அஃப்ரின் எட்டிப் பார்த்துவிட்டு, தன்னுடையதையும் எழுதச் சொன்னாள். "எங்க வீட்டுக்கு வந்தா அஸ்ஸலாமு அலைக்கும். உங்க மேல சாந்தி இருக்கட்டும்னு அர்த்தம். நீ பதில் சொல்றப்ப மாத்திச் சொல்லணும். வ அலைக்குமுஸ் ஸலாம்."

"திருப்பிப் போடணுமா? ரொட்டி மாதிரி?"

"ஆமா, ரொட்டி மாதிரி!" அஃப்ரினுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சாயங்காலம்வரை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மோனிஷாவும் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. கொளப்பள்ளிக் கடைத்தெருவில் பாதிப் பேர் மலையாளம். "சுகமாணோ?" என்று கேட்டு, "சுகம்" என்று பதில் சொல்லவும் கற்றுக்கொடுத்தாள். பிரவீன் அதை மூக்காலேயே சொன்னான்.

வர்ஷா மட்டும் பேசாமல் இருந்தாள். மதியச் சாப்பாட்டு மணி அடித்து வட்டமாக உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தாள். அவள் படகர் வீட்டுப் பெண். அவர்கள் ஊரான ஹட்டியிலிருந்து தினமும் மினிபஸ்ஸில் வருகிறாள்.

"எங்க ஹட்டியில பெரியவங்களப் பாத்தா வார்த்தையே வேண்டாம். தலையக் குனிஞ்சா போதும். அவங்க கைய வச்சு வாழ்த்துவாங்க. எங்க ஹெத்தெ கை அப்படியே சுடுதண்ணி மாதிரி இருக்கும்."

"ஹெத்தென்னா?"

"பாட்டி."

"செஞ்சு காட்டு," என்றாள் அஃப்ரின்.

"பெரியவங்க வேணுமே."

பிரவீன் மார்பை நிமிர்த்திக் கையை நீட்டினான். வர்ஷா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ எனக்கு நாலு மாசம் சின்னவன்."

பிறந்தநாள் கணக்கு நடந்தது. வர்ஷா ஜூலை, அஃப்ரின் செப்டம்பர், பிரவீன் நவம்பர். மோனிஷாவைக் கேட்டார்கள். மார்ச். வருஷத்தைக் கேட்டார்கள். சொன்னாள். ஒரு வருஷம் முந்தியே பிறந்துவிட்டிருந்தாள். தோட்டத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தது யாருக்கும் தெரியாது, இவளும் சொல்லவில்லை.

"அப்போ நீதான் பெரியவ," என்றாள் வர்ஷா. சொல்லிவிட்டுக் கொஞ்சமும் யோசிக்காமல் தலையைக் குனிந்தாள்.

மோனிஷாவின் முன்னே எண்ணெய் தேய்த்து நடு வகிடெடுத்த தலை. அது அப்படியே அசையாமல் காத்துக்கொண்டிருந்தது. வாழ்நாளில் யாரும் அவளிடம் இப்படிக் குனிந்ததில்லை. கையை வைத்தாள். சம்பல் கை.

"இப்ப சொல்லு," தலைக்குக் கீழிருந்து வர்ஷாவின் குரல். "ஒந்து ஓகி சாவிர ஆகலி."

"ஒந்து ஓகி..."

"சாவிர ஆகலி. ஒண்ணு போயி ஆயிரமாகட்டும்."

"சாவிர ஆகலி."

வர்ஷா நிமிர்ந்தபோது வகிட்டில் ஒரு தேங்காய்த் துருவல், மிளகாய்ச் சிவப்பில், பொட்டு மாதிரி ஒட்டியிருந்தது. அஃப்ரின் சிரித்ததில் தண்ணீர் மூக்கில் ஏறிவிட்டது. அடுத்து அவள் குனிந்தாள். அதற்கடுத்து, வேண்டா வெறுப்பாக, பிரவீன். பின் பெஞ்சிலிருந்து இரண்டு பேர் வந்து வரிசையில் நின்றார்கள். காலையில் களுக்கென்று சிரித்தவளும் நின்றாள். அவளுக்கு மட்டும் மோனிஷா கையைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

"உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?" என்று கேட்டாள் வர்ஷா, துருவலை எடுத்து வாயில் போட்டபடி. "மலையாளம் இல்ல. உங்க வீட்டுல."

சாப்டாச்சா என்று சொல்ல மோனிஷாவுக்குக் கூச்சமாக இருந்தது. காலையில் பட்டது போதும். அப்போதுதான் பாட்டி எப்போதாவது விளையாட்டுக்குச் சொல்வது ஞாபகம் வந்தது.

"ஆயுபோவன்."

"அது என்ன பாஷை?"

"சிங்களம். எங்க பாட்டி சிலோன்ல பொறந்தவங்க. நூறு வயசு இருங்கன்னு அர்த்தம்."

பிரவீன் நோட்டை இழுத்து அவனே எழுதிக்கொடுத்தான். "ஆயுள்" என்று தொடங்கி அடித்துவிட்டு மறுபடி எழுதினான். மணி அடித்தது. வர்ஷா தன் டப்பாவிலிருந்து அவரைக் குழம்பை அவசரமாக மோனிஷாவின் டப்பாவில் சரித்தாள். "உதக்க. சாப்பிட்டுப் பாரு, சீக்கிரம்." ரொட்டியில் தொட்டு இரண்டு வாய்க்குள் முடித்தார்கள். சம்பல் வர்ஷாவின் டப்பாவுக்குப் போயிற்று.

நாலு மணிக்கு ஊட்டி நன்றாக மூடிக்கொண்டது. எதிர்க் கட்டடம் தெரியவில்லை. வகுப்பில் டியூப்லைட் எரிந்தது. இப்போது எதைச் சொல்வதென்று மோனிஷா நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். ஆப்டர்நூனுக்கு மேல் பிரவீன் எதுவும் சொல்லித்தரவில்லை. வெளியே இருட்டு. கதவருகே நின்று தைரியமாகச் சொன்னாள்:

"குட் நைட் மிஸ்."

மறுபடி வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை மோனிஷாவும் சேர்ந்து சிரித்துவிட்டாள். மிஸ் வருகைப் பதிவேட்டை மூடினார்.

"ரெண்டு இட்லி," என்றார்.

மோனிஷாவுக்குப் புரியவில்லை.

"காலையில கேட்டியே. ரெண்டு இட்லிதான். பஸ்ஸுக்கு நேரமாச்சு." கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மிஸ் ஸ்டாஃப் ரூம் பக்கம் நடந்தார்.

வீட்டில் பாட்டி போர்வைக்குள் சுருண்டிருந்தாள். மோனிஷா புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் போய்த் தலையைக் குனிந்தாள்.

"என்னாடி, பேன் பாக்கணுமா?"

"கைய வை பாட்டி. வச்சு ஆயுபோவன் சொல்லு."

பாட்டி கையை வைத்தாள். சொல்லவில்லை. கொழுந்து பறித்துக் காய்த்த கை, முடியில் சிக்கிக்கொண்டது.

"அது இப்படி தலையில கை வச்சுச் சொல்றதில்லை. நாம வணக்கம் வைக்கிறோமே, அந்த மாதிரி," என்று போர்வையை விலக்கி இரு கையையும் குவித்துக் காட்டினாள். "கப்பலேற தலைமன்னாருக்கு ரயில் ஏறுறப்போ சொன்னது. எழுவத்தொம்பதுல. எனக்குப் பதினாறு வயசு. லயத்துக்குக் கீழ கடை வச்சிருந்த சிங்கள மாத்தயா டேஷனுக்கு வந்திருந்தாரு, அரைக் கிலோ சீனி பொட்டலம் கட்டிக்கிட்டு. காசு வாங்கலை."

"அவரு என்ன சொன்னாரு?"

"அதேதான். வரும்போதும் அதுதான், போகும்போதும் அதுதான்."

"திருப்பிப் போட வேண்டாமா?"

பாட்டிக்கு அது விளங்கவில்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்திருந்தாள். பனியில் தெரிவதற்கு ஒன்றுமில்லை. அப்புறம் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, வழக்கம்போல மிச்சம் வைத்திருக்கிறாளா என்று திறந்தாள். ரொட்டி ஒரு துண்டும் இல்லை. அடியில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது, இரண்டு அவரைப் பருப்போடு. முகர்ந்து பார்த்தாள்.

"யார் வீட்டுக் கொழம்புடி இது?"

"வர்ஷா வீட்டுது. அவங்க ஹெத்தெ வச்சது."

பாட்டி சுண்டுவிரலால் வழித்து நாக்கில் வைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள்.

"உப்பு கொஞ்சம் பத்தல," என்று சொல்லிவிட்டு இன்னொரு தரம் வழித்தாள்.