ஸ்டுட்கார்ட்டில் டாக்டரிடம் டெர்மீன் வாங்க: கவிதாவுக்கு ஒரு போன் வசனம்

கவிதா,

நாளைக்குக் காலையில் ஹவுஸ்ஆர்ட்ஸ்டுக்கு, அதாவது குடும்ப டாக்டருக்கு, போன் போட்டு டெர்மீன், அதாவது அப்பாயின்ட்மென்ட், கேட்கப் போகிறாய். பேச வேண்டியதையும், எதிர்ப்பக்கம் வரக்கூடிய பதில்களையும் எழுதியிருக்கிறேன். இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே பேசு. போனில் யாரும் உன்னைப் பார்க்கப் போவதில்லை.

எட்டு மணிக்குத் திறக்கிறார்கள் என்றால் எட்டு அடித்தவுடன் போடு. நாளை செவ்வாய், அதனால் பரவாயில்லை. திங்கள் காலை லைன் கிடைப்பது குதிரைக் கொம்பு. புதன் மதியமும் வெள்ளி மதியமும் நிறைய கிளினிக்குகள் மூடியிருக்கும். பக்கத்தில் பேனா, காலண்டர், உன் இன்சூரன்ஸ் கார்டு, தைராய்டு மாத்திரை டப்பா நாலும் இருக்கட்டும்.

உச்சரிப்பு பற்றி ஒரே ஒரு விஷயம். நான் ம்யூ, ஃப்யூ என்று எழுதிய இடத்தில் ய-வை அழுத்தாதே. உதட்டை ஊ-வுக்குக் குவித்துக்கொண்டு ஈ என்று சொல்லு, சரியாக வந்துவிடும். யொ என்று எழுதிய இடத்தில் அதே குவிந்த உதட்டோடு எ.

லைன் கிடைப்பதற்கு முன்

முதலில் மெஷின் பேசலாம். "ஆல்லெ லைட்டுங்கென் ஸிண்ட் பெலெக்ட்" என்றால் எல்லா லைனும் பிஸி. காத்திரு. "ஃப்யூர் ரெட்ஸெப்டெ ட்ர்யுக்கென் ஸீ டீ ஐன்ஸ்" என்றால் மருந்துச் சீட்டுக்கு 1-ஐ அழுத்தச் சொல்கிறார்கள். அது ஏற்கெனவே அங்கே போகிறவர்களுக்கு. நீ அழுத்தாதே, "டெர்மீனெ" என்று சொல்லும் எண்ணை அழுத்து.

"வேகென் ஊர்லௌப் கெஷ்லொஸ்ஸென்" என்று காதில் விழுந்தால் டாக்டர் விடுமுறையில் இருக்கிறார். அப்புறம் "ஃபெர்ட்ரேட்டுங்" என்று ஒரு பெயர் சொல்வார்கள். அவர் இல்லாத நாளில் பார்க்கும் மாற்று டாக்டர் அவர். உனக்கு அவசரம் இல்லை என்பதால் வைத்துவிடு.

ஆரம்பம்

அவர்கள்: ஹவுஸ்ஆர்ட்ஸ்ட்ப்ராக்ஸிஸ், க்ர்யூஸ் காட்!
(ஸ்டுட்கார்ட் பக்கத்தில் வணக்கம் இப்படித்தான்.)

நீ: கூட்டென் மோர்கென். மைன் நாமெ இஸ்ட் கவிதா செல்வம். இஹ் லெர்னெ நொஹ் டொய்ட்ஷ். பிட்டெ ஷ்ப்ரெஹென் ஸீ லாங்ஸாம்.
(காலை வணக்கம். என் பெயர் கவிதா செல்வம். இன்னும் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.)

நீ: இஹ் ம்யொஹ்டெ கெர்ன் ஐனென் டெர்மீன்.
(எனக்கு ஒரு அப்பாயின்ட்மென்ட் வேண்டும்.)

மெதுவாகப் பேசச் சொல்வதை முதலிலேயே சொல்லிவிடு. நடுவில் கேட்டால் அவர்கள் ஒரு வாக்கியம் மெதுவாகப் பேசிவிட்டுப் பழைய வேகத்துக்குப் போய்விடுவார்கள்.

"மொமென்ட், ப்ளைபென் ஸீ பிட்டெ ட்ரான்" என்றால் லைனிலேயே இருங்கள் என்று அர்த்தம். பாட்டு ஓடும். வைத்துவிடாதே.

புதுசா பழசா

அவர்கள்: வாரென் ஸீ ஷோன் மால் பை உன்ஸ்?
(முன்பு இங்கே வந்திருக்கிறீர்களா?)

நீ: நைன், இஹ் பின் நொய் இன் ஷ்டுட்கார்ட்.
(இல்லை, நான் ஸ்டுட்கார்ட்டுக்குப் புதுசு.)

இந்த இடத்தில்தான் பாதிப் பேருடைய போன் முடிந்துபோகிறது. இப்படிச் சொல்லலாம்:

அவர்கள்: வீர் நேமென் லைடெர் கைனெ நொயென் பட்ஸியென்டென் அவுஃப்.
(புது நோயாளிகளை எடுப்பதில்லை.)

"லைடெர்" என்று ஆரம்பித்தாலே "மன்னிக்கணும், முடியாது" என்று வைத்துக்கொள். "அவுஃப்னாமெஷ்டாப்" என்று ஒரே சொல்லில் முடித்தாலும் இதே செய்திதான். மனம் விட்டுப்போகாதே, உன் ஜெர்மனுக்காக இல்லை, இங்கேயே பிறந்தவர்களுக்கும் இதே பதில்தான். வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேள்:

நீ: க்யொன்னென் ஸீ மீர் ஐனெ ஆண்டெரெ ப்ராக்ஸிஸ் எம்ப்ஃபேலென்?
(வேறு கிளினிக் ஏதாவது சொல்ல முடியுமா?)

பெயர் சொன்னால் எழுதிக்கொள், அடுத்த நம்பருக்குப் போடு. நான் கொடுத்த பட்டியலில் மூன்றாவது கிளினிக்கில் இடம் இருப்பதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்.

என்ன பிரச்சினை

அவர்கள்: வோரும் கேட் எஸ் டென்?
(எதற்காக?)

டாக்டரைத்தானே பார்க்கிறோம், இவர்களிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கோபப்படாதே. எவ்வளவு நேரம் ஒதுக்குவது, ரத்தம் எடுக்க வேண்டுமா என்று முடிவுசெய்யத்தான் கேட்கிறார்கள். நீ சொல்ல வேண்டியது:

நீ: இஹ் நேமெ ஷில்ட்ர்யூஸென்டாப்லெட்டென். இஹ் ப்ரௌஹெ ஐன் ரெட்ஸெப்ட் உண்ட் ஐனெ ப்ளூட்உன்டெர்ஸூஹுங். உண்ட் இஹ் பின் ஸைட் ட்ஸ்வை வொஹென் ஸேர் ம்யூடெ.
(தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். மருந்துச் சீட்டும் ரத்தப் பரிசோதனையும் வேண்டும். இரண்டு வாரமாக ரொம்பச் சோர்வாக இருக்கிறது.)

அவர்கள்: இஸ்ட் எஸ் ட்ரிங்எண்ட்?
(அவசரமா?)

நீ: நைன், ஆபெர் டீ டாப்லெட்டென் ரைஹென் நூர் நொஹ் ட்ரை வொஹென்.
(இல்லை, ஆனால் மாத்திரை இன்னும் மூன்று வாரத்துக்குத்தான் வரும்.)

இந்தக் கடைசி வரியை விடவே விடாதே. அதைச் சொல்லாவிட்டால் இரண்டு மாதம் கழித்துத் தேதி கொடுத்துவிடுவார்கள். இந்தியாவிலிருந்து கொண்டுவந்த டப்பா அதுவரை தாங்காது.

"அகூட்ஷ்ப்ரெஹ்ஷ்டுண்டெ" என்றால் தேதி இல்லாமல் நேராக வந்து உட்கார்ந்து காத்திருக்கும் நேரம். காய்ச்சல், வாந்தி போன்றதற்கு அது. உனக்கு வேண்டாம்.

இன்சூரன்ஸ்

அவர்கள்: வீ ஸிண்ட் ஸீ ஃபெர்ஸிஹெர்ட்? கெஸெட்ஸ்லிஹ் ஓடெர் ப்ரிவாட்?
(அரசு முறை இன்சூரன்ஸா, தனியாரா?)

நீ: கெஸெட்ஸ்லிஹ், பை டேர் டே-கா.

உன் இன்சூரன்ஸ் நிறுவனமான டி.கே.-வை ஜெர்மனில் டே-கா என்று சொல்ல வேண்டும். மாப்பிள்ளையின் கார்டு இல்லை, உன் பெயர் போட்ட கார்டைத்தான் எடுத்துப் போக வேண்டும்.

பெயர்: இங்கேதான் கவனம்

அவர்கள்: பூஹ்ஷ்டாபீரென் ஸீ பிட்டெ.
(எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்.)

நாம் பழக்கத்தில் எஸ், ஈ, எல், வீ, ஏ, எம் என்று ஆங்கில முறையில் சொல்லிவிடுவோம். ஜெர்மனில் ஐ எழுத்தின் பெயர்தான் ஈ, ஈ எழுத்தின் பெயர் ஏ. நீ வீ என்றால் அவர்களுக்கு டபிள்யூ மாதிரி கேட்கும். செல்வம் என்ற பெயர் அவர்கள் கம்ப்யூட்டரில் சில்வெம் என்று ஏறிவிடும், அப்புறம் கார்டில் உள்ள பெயரோடு ஒத்துப்போகாது. அதனால் இப்படிச் சொல்லு:

நீ: எஸ் வீ ஸீக்ஃப்ரீட். ஏ வீ ஏமில். எல் வீ லூட்விக். ஃபௌ வீ விக்டோர். ஆ வீ ஆன்டோன். எம் வீ மார்ட்டா.

("வீ" என்றால் "போல". தேவையான இடத்தில் மூச்சு விட்டு நிறுத்து, அவர்கள் தட்டச்சு செய்யட்டும்.) 2022-இல் இந்தப் பட்டியலை நகரப் பெயர்களாக மாற்றிப் புதுத் தரம் வந்தது. ஆனால் போனில் இந்தப் பழைய பெயர்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அவர்கள்: இஹ்ர் கெபூர்ட்ஸ்டாடும்?
(பிறந்த தேதி?)

நீ: ஃபிர்ட்ஸேன்டெர் ட்ரிட்டெர் நொயின்ட்ஸேன்ஹுண்டெர்ட் ட்ரைஉண்ட்நொயின்ட்ஸிஹ்.
(14.3.1993. கடைசிப் பகுதியில் மூன்று முதலில் வரும், தொண்ணூறு பிறகு.)

போன் நம்பர் கேட்டால் ஒவ்வோர் எண்ணாகச் சொல்லு. இரண்டு என்பதற்கு ட்ஸ்வை என்றால் ட்ரை மாதிரி கேட்கும், அதனால் ட்ஸ்வோ என்று சொல்லு.

தேதியும் நேரமும்

அவர்கள்: இஹ் ஹெட்டெ ஆம் டொன்னெர்ஸ்டாக், டேன் ட்ஸ்வ்யொல்ஃப்டென், உம் ஃபிர்டெல் நொயின் வாஸ் ஃப்ரை. பாஸ்ட் டாஸ்?
(வியாழன் 12-ஆம் தேதி காலி இருக்கிறது. சரியா?)

"ஃபிர்டெல் நொயின்" என்றால் ஒன்பதேகால் என்று நினைத்து ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நிற்பாய். இந்த ஊரில் அது எட்டேகால். "ஹால்ப் நொயின்" எட்டரை, "ட்ரைஃபிர்டெல் நொயின்" எட்டேமுக்கால். ஒன்பதை நோக்கிக் கால், அரை, முக்கால் என்று ஏறுகிறது என்று வைத்துக்கொள். சந்தேகமே இல்லாவிட்டாலும் திருப்பிக் கேள்:

நீ: ஆல்ஸோ ஆஹ்ட் ஊர் ஃப்யுன்ஃப்ட்ஸேன்?
(அப்படியென்றால் 8.15?)

அவர்கள்: கெனௌ.
(அதேதான்.)

பையனைக் கிண்டர்கார்டனில் விட வேண்டும், எட்டேகால் முடியாது என்றால்:

நீ: கேட் எஸ் அவுஹ் ஷ்பேட்டெர்? நாஹ் நொயின் ஊர்?
(இன்னும் தாமதமாக முடியுமா? ஒன்பதுக்கு மேல்?)

ரத்தம் எடுப்பதைக் காலையிலேயே வைப்பார்கள், அதனால் ஒன்பதரையைத் தாண்டி எதிர்பார்க்காதே.

முடிக்கும் முன் அவர்கள் சொல்வது

கடைசியில் மளமளவென்று கொட்டிவிடுவார்கள். காதில் பிடிக்க வேண்டியவை: "ந்யுஹ்டெர்ன்" என்றால் வெறும் வயிற்றில் வா, காபியும் கூடாது. "ஃபெர்ஸிஹெர்டென்கார்டெ" இன்சூரன்ஸ் கார்டு. "பெஃபுண்டெ" பழைய ரிப்போர்ட்டுகள். கோயம்புத்தூரில் எடுத்த கடைசி டி.எஸ்.எச். ரிப்போர்ட்டை எடுத்துப் போ. "ட்ஸேன் மினூட்டென் ஃப்ர்யூஹெர்" பத்து நிமிடம் முன்னால், படிவம் நிரப்ப. "ஆப்ஸாகென்" வர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்லிவிடு.

வெறும் வயிறு என்று சொன்னால் இதைக் கேள்:

நீ: ஸோல் இஹ் டீ டாப்லெட்டெ ஃபோர்ஹேர் நேமென்?
(மாத்திரையை அன்று முன்னாலேயே போடலாமா?)

யா என்றாலும் நைன் என்றாலும் தெளிவான பதில் வரும். நீயாக முடிவு செய்யாதே.

எதுவும் புரியாவிட்டால் வெட்கப்படாமல் "வீ பிட்டெ?" என்று கேள். இரண்டு முறை கேட்டும் புரியவில்லையா, "க்யொன்னென் ஸீ எங்லிஷ்?" பெரும்பாலும் கொஞ்சம் தெரியும்.

நீ: இஹ் வீடெர்ஹோலெ: டொன்னெர்ஸ்டாக், டேன் ட்ஸ்வ்யொல்ஃப்டென், ஆஹ்ட் ஊர் ஃப்யுன்ஃப்ட்ஸேன், ந்யுஹ்டெர்ன். ஃபீலென் டாங்க். அவுஃப் வீடெர்ஹ்யொரென்.
(திருப்பிச் சொல்கிறேன்: வியாழன் 12, 8.15, வெறும் வயிறு. மிக்க நன்றி. வைக்கிறேன்.)

அவர்கள்: அடே!

திட்டவில்லை, இந்த ஊர் ஆட்கள் விடைபெறுவது அப்படி.

மூன்று நம்பரும் கைகொடுக்காவிட்டால் 116117-க்குப் போடு. டெர்மீன் தேடித் தரும் சேவையும், இரவிலும் வார இறுதியிலும் டாக்டர் வேண்டியதற்கும் அதே எண்தான், காசு கிடையாது. நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் என்றால் இந்தத் தாளையெல்லாம் தேடிக்கொண்டிருக்காதே, 112.

நான் நாளை பத்து மணி வரை மீட்டிங்கில் இருப்பேன். அப்புறம் போன் பண்ணு.

அக்கா