மே 30 ஆண்டுக் கூட்டம்: நிகழ்ச்சி நிரலும் கேள்விப் பெட்டியும்

மண்டபம் நண்டுச் சதைக் கூடத்தில் வேலை செய்யும் அனைவருக்கும்,

ஜூன் 14-ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டால் நமக்கு உட்காரக்கூட நேரம் இருக்காது. அதனால் கூட்டத்தை மே 30, சனிக்கிழமை காலை 10 மணிக்கே வைத்திருக்கிறோம். அன்றைக்கு முழுச் சம்பளம் உண்டு. பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் இருந்து வருபவர்களுக்கு வழக்கமான வேன் வரும்.

10.00 – போன வருடம் கேட்டுப் பதில் கிடைக்காத கேள்விகள்
10.20 – எடை, கூலி, போனஸ் கணக்கு
10.45 – பெட்டியில் வந்த கேள்விகள்
12.15 – நேரில் கேட்க விரும்புபவர்கள்
1.00 – சாப்பாடு

பெட்டிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்கியிருக்கிறோம். போன வருடம் அதை மேனேஜர் அறை வாசலில், கேமராவுக்கு நேராக வைத்தோம். அது எங்கள் தவறு. மொத்தம் 4 சீட்டுதான் விழுந்தது. அதில் ஒன்று எட்டாக மடித்து, நண்டு ஈரம் பட்டு ஒட்டிப்போயிருந்தது. "கையுறை கிழிஞ்சா ரெண்டாவது கேக்க பயமா இருக்கு" என்று எழுதியிருந்தது. ஒரு கையுறைக்குப் பயப்பட வேண்டிய இடமாக நம் கூடம் இருக்கக் கூடாது.

இந்த முறை பெட்டி பெண்கள் உடை மாற்றும் அறையில் ஒன்று, ஐஸ் அறைப் பக்கம் ஒன்று. இரண்டு இடத்திலும் கேமரா இல்லை. மே 18 முதல் 27 மாலை வரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பூட்டு: ஒரு சாவி ஆபீசில், மற்றொன்று நீங்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதியிடம். இருவரும் சேர்ந்துதான் திறக்க முடியும். பெயர், பிரிவு எதுவும் எழுத வேண்டாம். கையெழுத்து தெரிந்துவிடும் என்ற பயமா? திறந்த அன்றே வெளியாள் ஒருவர் எல்லாவற்றையும் டைப் செய்வார், சீட்டுகளை அங்கேயே கிழித்துவிடுவோம். எழுதத் தெரியாதவர்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லி எழுதலாம்.

எந்தக் கேள்வியையும் விலக்க மாட்டோம். ஒரே கேள்வி பலமுறை வந்தால் எத்தனை பேர் கேட்டார்கள் என்பதோடு ஒருமுறை வாசிப்போம். தனி ஆளைத் திட்டும் வரி இருந்தால் பெயரை மட்டும் எடுத்துவிடுவோம். பதில் மூன்றில் ஒன்றாக இருக்கும்: செய்கிறோம், இந்தத் தேதிக்குள் சொல்கிறோம், முடியாது – ஏன் என்றால் இது. "பார்க்கலாம்" என்பதைப் பதிலாக ஏற்காதீர்கள். எல்லாப் பதிலும் ஜூன் 6-க்குள் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும்.

அப்புறம் முக்கியமான ஒன்று. பாலியல் தொல்லை பற்றிய புகாரைப் பெட்டியில் போடாதீர்கள், அது கூட்டத்தில் வாசிக்கும் விஷயம் அல்ல. உள்ளகப் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். எழுத முடியாதவர்களுக்குக் குழுவே உதவ வேண்டும் என்பது 2013 சட்டம்.

யார் எழுதியது என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது, சூப்பர்வைசர்கள் உட்பட. கேட்டால் நேராக என்னிடம் சொல்லுங்கள்.

நிர்வாக மேலாளர்