சீசன் விளக்க வீடியோ: எப்போது பார்ப்பது, கேள்வியை எப்படி எழுதுவது

அனுப்புபவர்: செல்வி, தரப்பிரிவு, கிருஷ்ணகிரி ஆலை
பெறுபவர்கள்: குமரன் அண்ணா (துபாய்), சரவணன் (ராட்டர்டாம்), ரஜீவன் (டொரோண்டோ), மீனா அக்கா (சிங்கப்பூர்)
நகல்: கவிதா, லேப்
தேதி: 27 ஜூலை 2026, திங்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

இந்த வருஷம் நம் மாம்பழப் பல்ப் சீசன் முடிவு விளக்கத்துக்குக் கூட்டம் கிடையாது. நான் பேசிப் பதிவு செய்து ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை போட்டுவிடுகிறேன். அவரவருக்கு வசதியான நேரத்தில் பாருங்கள். சந்தேகத்தை எழுதிக் கேளுங்கள், நானும் எழுதியே பதில் சொல்கிறேன்.

போன வருஷம் நடந்தது உங்களுக்கே தெரியும். அக்டோபர் 28, செவ்வாய், நம் நேரம் மாலை 6:30 என்று வைத்தோம். ஒவ்வொரு ஊர் நேரத்தையும் நானே கணக்குப் போட்டு மெயிலில் அடித்தேன். இரண்டு நாள் முன்னால்தான் ஐரோப்பாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தார்கள். கனடாவில் நவம்பர் 2 அன்றுதான் தள்ளினார்கள். அது என் தலையில் ஏறவில்லை. சரவணனுக்கு 2 மணி என்று இருக்க வேண்டியதை 3 மணி என்று எழுதிவிட்டேன். அவர் உள்ளே வந்தபோது நாங்கள் “சரி, பார்க்கலாம்” சொல்லிக்கொண்டிருந்தோம். சிங்கப்பூரில் அப்போது இரவு 9 மணி தாண்டிவிட்டது. மீனா அக்கா ஒரு காதில் என்னையும் மறு காதில் பையனின் வீட்டுப்பாடத்தையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அதைவிடப் பெரிய தப்பு, அவசரத்தில் நான் சொன்ன ஒரு பதில். ஒரே லாட்டில் இரண்டு பேரலுக்கு நடுவில் அரை பிரிக்ஸ் வித்தியாசம் ஏன் என்று ரஜீவன் கேட்டார். எல்லாரும் காத்திருக்கிறார்களே என்று, “மீட்டருக்கு மீட்டர் கொஞ்சம் மாறும் தம்பி” என்றேன். அவர் அதை அப்படியே வாங்குபவரிடம் சொல்ல, அடுத்த மாதம் அதே கேள்வி கொஞ்சம் காரத்தோடு திரும்பி வந்தது. பிறகுதான் கவிதாவோடு உட்கார்ந்து நோட்டைப் புரட்டினேன். மீட்டர் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு சாம்பிளை ஆறவிட்டு 20 டிகிரியில் பார்த்திருக்கிறார்கள், இன்னொன்றை வெதுவெதுப்பாக, 27 டிகிரி வாக்கில். நம் பழைய கைமீட்டர் வெப்பத்தைத் தானாகச் சரிசெய்யாது. அந்த ஏழு டிகிரிக்கே பிரிக்ஸ் அரை புள்ளி குறைத்துக் காட்டிவிடும். லேபுக்கு ஒரு நடை போய் வந்திருந்தால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம். இந்த முறை எழுத்தில் கேட்கச் சொல்வது அந்த ஒரு நடைக்காகத்தான்.

வீடியோவில் என்ன இருக்கும்

மொத்தம் மூன்று, எல்லாம் சேர்த்து 22 நிமிடம். ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை.

முதலாவது 6 நிமிடம். பழம் இறங்குவதிலிருந்து பழுக்க வைக்கும் அறை வரை. கார்பைடு போடுகிறீர்களா என்ற கேள்வி எல்லா ஊரிலும் வருகிறது. கார்பைடு நம் நாட்டில் தடை, எத்திலீன் வாயு 100 பிபிஎம் வரை அனுமதி. இதை நான் வாயால் சொல்வதோடு விடாமல், அறைக் கதவில் இருக்கும் வாயு மீட்டரையே காட்டிவிடுகிறேன். குமரன் அண்ணா, அந்தத் துண்டை மட்டும் வெட்டி உங்கள் ஆட்களுக்குக் காட்டலாம்.

இரண்டாவதுதான் முக்கியம், 10 நிமிடம். லாட் பேப்பரை எப்படி வாசிப்பது: பிரிக்ஸ், புளிப்பு, பி.எச்., நிறம். இதில் நான் அதிகம் பேசப்போவதில்லை, கவிதாவின் கைதான் பேசும். பேரலிலிருந்து எடுத்த பல்ப்பைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவருவாள், ஒரு சொட்டைக் கண்ணாடி மேல் விடுவாள், மூடியை மெதுவாகச் சாய்த்து மூடுவாள். சட்டென்று மூடினால் உள்ளே காற்றுக் குமிழ் நின்றுவிடும், நீலமும் வெள்ளையும் சேரும் கோடு மங்கலாகத் தெரியும். அந்தக் கோட்டைப் போன் கேமராவில் பிடிக்கத்தான் போன வாரம் முழுக்க மல்லுக்கட்டினோம். கடைசியில் பழைய டார்ச் ஒன்றும் ஒரு ஈரத்துணியும் காப்பாற்றின. அதே சொட்டை வெதுவெதுப்பாகவும் ஒரு முறை வைத்துக் காட்டுவோம், கோடு இறங்குவதை நீங்களே பார்க்கலாம். ரஜீவன், இது உங்களுக்கு நான் பட்ட கடன்.

மூன்றாவது 6 நிமிடம், நிறப் புகார்கள். பெங்களூராவின் நிறம் அல்போன்சா மாதிரி இருக்காது என்பதில் தொடங்கி, வெயில் படும் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்தால் பல்ப் ஏன் பழுப்படிக்கிறது என்பது வரை.

ஒரு சொல் பற்றி: வீடியோ முழுக்கப் “பல்ப்” என்றே சொல்லப்போகிறேன். மாம்பழக் கூழ் என்று ஒத்திகை பார்த்தேன். ஆடி மாதம், பக்கத்து அம்மன் கோயிலில் கேழ்வரகுக் கூழ் ஊற்றுகிறார்கள், கவிதா சிரித்துவிட்டாள். ரஜீவனுக்குக் கூழ் என்றால் மீனும் நண்டும் போட்ட ஒடியல் கூழ்தான் ஞாபகத்துக்கு வருமாம். வம்பே வேண்டாம்.

பதிவு எப்போது

ஆலை ஓடும்போது பல்ப்பர் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. பாய்லரைப் பார்க்கும் முனுசாமி அண்ணன் காலை 6 மணிக்குத்தான் பற்றவைக்கிறார். அதனால் ஆகஸ்ட் 1, சனிக்கிழமை விடியற்காலை 4:30-க்கு லேபில் இரண்டாவது வீடியோ. 5:30-க்குக் கோயில் ஸ்பீக்கரில் பாட்டு ஆரம்பித்துவிடும், ஒரு மணி நேரம்தான் கையில். மற்ற இரண்டும் செவ்வாய் அன்று, படம் தனியாகவும் குரல் தனியாகவும். திங்கள் ஆடிப்பெருக்கு. லேபில் பாதிப் பேர் ஒகேனக்கல் போகிறார்கள், அன்று யாரையும் கூப்பிடவில்லை.

கோப்புகளை நம் பொது டிரைவில் `season2026` என்ற ஃபோல்டரில் போடுகிறேன். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்ப மாட்டேன். அது சுருக்கிவிடும், மீட்டரில் இருக்கும் எண் கொழகொழவென்று தெரியும். ஒவ்வொரு வீடியோவோடும் நான் பேசியதை எழுத்தாகவும் வைக்கிறேன். ரயிலில் சத்தம் வைக்காமல் பார்க்கிறவர்களுக்கும், ஏதோ ஒரு எண்ணைத் தேடி முழுசாகத் திரும்பப் பார்க்க அலுத்துக்கொள்கிறவர்களுக்கும் அது உதவும்.

கேள்வி

கேள்விகளுக்குக் கடைசி நேரம் ஆகஸ்ட் 13, வியாழன், இந்திய நேரம் காலை 11:30. உங்கள் கடிகாரத்தில்:

துபாய் – வியாழன் காலை 10:00
ராட்டர்டாம் – வியாழன் காலை 8:00
சிங்கப்பூர் – வியாழன் மதியம் 2:00
டொரோண்டோ – வியாழன் அதிகாலை 2:00. அதாவது ரஜீவன், புதன் இரவு தூங்கப்போகுமுன்.

இந்த முறை இரண்டு பேரிடம் காட்டிச் சரிபார்த்துவிட்டேன். ஏன் காலை 11:30 என்றால், புதன்கிழமை நான்கு ஊருக்கும் முழுசாகக் கிடைக்க வேண்டும். புதன் நள்ளிரவு என்று நம் நேரத்தை வைத்தால் டொரோண்டோவில் பிற்பகலிலேயே கடை மூடிவிடும்.

அதே ஃபோல்டரில் `kelvigal` என்று ஒரு ஷீட் இருக்கும். வரிக்கு ஒரு கேள்வி. எந்த வீடியோ, எத்தனையாவது நிமிடம், கேள்வி, அதை யார் கேட்டார்கள் என்று எழுதுங்கள். கடைசியில் சொன்னது அவசியம். வாங்குபவர் கேட்டால் ஒரு மாதிரி பதில் சொல்ல வேண்டும், உங்களுக்கே தெரிந்துகொள்ள என்றால் இன்னொரு மாதிரி. இப்படி இருந்தால் எனக்குப் போதும்:

“வீடியோ 2, 4:10. புளிப்பு 0.6 என்று வருகிறது, போன வருஷப் பேப்பரில் 0.5. பழம் மாறியதா, பறித்த காலம் மாறியதா? ஜூஸ் ஆலைக்காரர் கேட்கிறார், சர்க்கரை அளவை மாற்ற வேண்டுமா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.”

“புளிப்பு பற்றிக் கொஞ்சம் விளக்கவும்” என்று மட்டும் எழுதினால் நான் பாட்டுக்கு இரண்டு பக்கம் எழுதுவேன், உங்களுக்கு வேண்டியது அதில் இருக்காது. இன்னொருவர் ஏற்கெனவே கேட்டிருந்தால் அவர் வரியின் கீழ் “எனக்கும்” என்று போடுங்கள். தப்பாகக் கேட்டுவிடுவோமோ என்று தயங்க வேண்டாம். போன வருஷம் தப்பாகப் பதில் சொன்னது நான்தான்.

ஷீட்டைத் தினமும் காலை 10 மணிக்கும் மாலை 5 மணிக்கும் பார்ப்பேன். பேப்பரைப் பார்த்தே சொல்லக்கூடியதற்கு அன்றே பதில். லேபில் எடுத்துவைத்த சாம்பிளைத் திறந்து பார்க்க வேண்டியது என்றால் அந்த வரியில் “கவிதாவிடம்” என்று எழுதிவைப்பேன். இடையில் 15-ஆம் தேதி விடுமுறை, மறுநாள் ஞாயிறு. அதனால் எல்லாப் பதிலும் ஆகஸ்ட் 17, திங்கள் மாலைக்குள். பதில் வந்த பிறகு அதன் மேல் ஒரு கேள்வி இருந்தால் அதே வரியில் தொடருங்கள், புது வரி வேண்டாம். பதிலை வாங்குபவருக்கு அனுப்புவதற்கு முன் வரியில் “சரி” என்று நான் போட்டிருக்கிறேனா என்று பாருங்கள். அது இல்லாதவரை அது நமக்குள் பேச்சு.

கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்கிறது, பேரல் உப்பியிருக்கிறது மாதிரி விஷயங்களை ஷீட்டில் எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். எந்த நேரமானாலும் போன் பண்ணுங்கள்.

இப்போது உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது: இந்த ஆறு மாதத்தில் உங்கள் பக்கம் வாங்குபவர்கள் அதிகம் கேட்ட நிறப் புகார் ஒன்று. இரண்டு வரி போதும், படம் இருந்தால் இன்னும் நல்லது. புதன் மாலைக்குள் வந்தால் மூன்றாவது வீடியோவை அதை வைத்தே மாற்றி எழுதிவிடுவேன். மீனா அக்கா, ஃபோல்டரில் `test.mp4` என்று ஒரு நிமிடத் துண்டு போட்டிருக்கிறேன். உங்கள் போனில் ஓட்டி, என் குரல் கேட்கிறதா, மீட்டரில் இருக்கும் எண் தெரிகிறதா என்று மட்டும் சொல்லுங்கள். பின்னால் சேவல் கூவுவது கேட்கும், அதை ஒன்றும் செய்ய முடியவில்லை.

செல்வி